கட்டிலின் கோணமும் நோயாளியின் கோணமும்

படுக்கையிலேயே இருக்கும் நோயாளியைப் பார்க்கப் போகும் செவிலியர் முதலில் கவனிக்க வேண்டியது, கட்டிலின் தலைப்பக்கம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை அல்ல, கட்டில் மடியும் இடம் அவருடைய உடலில் எங்கே வருகிறது என்பதைத்தான். இடுப்பு மடியும் இடத்தில் அது வந்தால் அவர் உண்மையிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். விலா எலும்புக்கு நேராக வந்தால், கட்டில் 45 பாகை காட்டினாலும் அவர் கீழே சரிந்து, முதுகு கூனி, மோவாய் நெஞ்சில் இடிக்கக் கிடக்கிறார் என்று பொருள்.

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, மூக்குக் குழாய் வழியாக உணவு பெற்றுவந்த எழுபது வயதைத் தாண்டிய ஒருவரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு, வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அதனால் உணவு செலுத்தும்போதும் அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். இந்தச் சாய்வில் வயிற்று உறுப்புகள் கீழிறங்கி உதரவிதானத்துக்கு இடம் விடுவதால் மூச்சும் எளிதாகிறது. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் தேங்கியவர்கள் மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்காருவதற்கும், நிமிர்ந்த நிலையில் நுரையீரலுக்குத் திரும்பும் இரத்தத்தின் அளவு குறைவது ஒரு காரணம். அத்தகையோருக்கு 60 பாகைக்கு மேலும் உயர்த்தலாம்.

மேற்சொன்ன முதியவரின் மகள் மருத்துவர் சொன்னபடியே கட்டிலை நாள் முழுவதும் 45 பாகையில் வைத்திருந்தார். "சிஸ்டர், டாக்டர் சொன்ன மாதிரிதான் உசத்தி வெச்சிருக்கேன், ஆனா அப்பாவுக்கு இருமல் நிக்கல" என்றார். பார்த்தபோது முதியவரின் பாதங்கள் கட்டிலின் கால்பக்கப் பலகையில் முட்டிக்கொண்டிருந்தன. வயிறு மடிந்து அழுந்தியிருந்தது. புட்டத்துக்குச் சற்று மேலே, வால் எலும்புப் பகுதியில், உள்ளங்கையளவுக்குத் தோல் கருத்துச் சிவந்திருந்தது.

சரியும்போது நடப்பது இதுதான்: தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிட, உள்ளே எலும்பு மட்டும் கீழ்நோக்கி நகர்கிறது. இடையில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு, வளைந்து, அடைபடுகின்றன. வெளித்தோல் நன்றாகத் தெரியும்போதே உள்ளே சதை பாழாகத் தொடங்கியிருக்கும். தலைப்பக்கம் 30 பாகையைத் தாண்டும்போது இந்த இழுவிசை கூடுகிறது. ஆகவே உணவு நேரத்தில் தேவையான உயரமும், மற்ற நேரத்தில் 30 பாகையும் என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். கோணம் காட்டும் குறி இல்லாத கட்டிலில் ஓர் எளிய கணக்கு உதவும்: முதுகுப் பலகையின் நீளத்தில் பாதி அளவுக்கு அதன் மேல்முனை உயர்ந்தால் அது 30 பாகை. பலகை 70 செ.மீ. என்றால் 35 செ.மீ. உயர வேண்டும். தலைக்கு அடியில் மட்டும் தலையணைகளை அடுக்குவது கழுத்தை மடக்குமே தவிர, இந்தப் பயனைத் தராது. தாங்கல் இடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

அன்று செய்தது இவ்வளவுதான். உணவு போய்க்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கட்டிலைச் சமமாக இறக்கினோம். தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்திருந்த மடித்த துணியின் இரு ஓரங்களை இருவர் பிடித்து, அவரை மேலே நகர்த்தினோம். அக்குளில் கைகொடுத்து இழுப்பது பலருக்கும் பழக்கம், ஆனால் பக்கவாதத்தால் தளர்ந்த தோள்மூட்டு அதிலேயே நழுவிவிடும். இடுப்பு, கட்டில் மடியும் கோட்டுக்கு வந்த பிறகு, முதலில் முழங்கால் பகுதியைச் சற்று உயர்த்தி, அதன் பிறகே தலைப்பக்கத்தை ஏற்றினோம். இந்த வரிசை மாறினால் மறுபடியும் சரிவார். முழங்கால் பகுதி உயராத கட்டிலில் தொடையின் நீளத்துக்கும் தலையணை வைக்கலாம். முழங்காலின் பின்மடிப்பில் மட்டும் சுருட்டித் திணிப்பது அங்குள்ள இரத்த நாளத்தை அழுத்தும். கடைசியாக, அவரைத் தோளோடு அணைத்து ஒரு நொடி முன்னே சாய்த்து, முதுகைப் படுக்கையிலிருந்து விலக்கி மீண்டும் வைத்தோம். ஏற்றும்போது இழுபட்ட தோல் இதில்தான் தளர்கிறது.

சிவந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம் போன்ற கருநிறத் தோலில் இந்த மாற்றம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால், சுற்றியுள்ள தோலைவிட அங்கே சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மேல். முதியவருக்கு வெளுக்கவில்லை. எனவே அந்த இடத்தில் எடை படாமல் இருக்க ஒருக்களித்த நிலைக்கு மாற்றினோம்.

ஒருக்களிப்பது என்றால் முழுதாகப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் எடை முழுவதும் தொடை எலும்பின் மேல் முனைப்பில் இறங்கி, புண் அங்கே வரும். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னே தலையணை கொடுத்து, 30 பாகை மட்டும் சாய்த்தால் போதும். வால் எலும்புக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள், தடையில்லாமல் போனால் சரியாக வைத்திருக்கிறீர்கள். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணையும், குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்றும் வேண்டும். தலைப்பக்கத்தை 30 பாகையில் வைத்துக்கொண்டே இப்படிச் சாய்க்கலாம் என்பதால் உணவு நேரத்துக்கும் இது இடையூறு ஆகாது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுகிறோம். செயலிழந்த பக்கத்தில் படுக்கும்போது தோளைச் சற்று முன்னே இழுத்துவிட்டு, நேரத்தையும் குறைத்துக்கொள்வோம். வாந்தி எடுப்பவரும் நினைவிழந்து தானே மூச்சு விடுபவரும் மட்டும் இந்த 30 பாகைச் சாய்வுக்கு விலக்கு. வாயில் உள்ளது வெளியே வடிய வேண்டும் என்பதால் அவர்களை முழுதாகவே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஒரு நுரையீரலில் மட்டும் நிமோனியா இருந்தால், நல்ல நுரையீரல் கீழே வரும்படி படுக்க வைப்பது வழக்கம். கீழ்ப்பக்கத்துக்கு இரத்தம் அதிகம் செல்வதால் ஆக்சிஜன் நன்றாகச் சேரும். நுரையீரலிலிருந்து இரத்தம் கொட்டும் போது மட்டும் இது தலைகீழாகி, இரத்தம் வடியும் பக்கமே கீழே இருக்க வேண்டும்.

சில வாரங்களுக்குப் பின் அவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு இரத்த அழுத்தம் 90/60 ஆகக் குறைந்தபோது, மகன் கட்டிலின் கால்பக்கத்தில் செங்கற்களை வைத்துத் தலையைத் தாழ்த்தியிருந்தார். உணவு செலுத்தி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதியவர் திணறி இருமத் தொடங்கியிருந்தார். செங்கற்களை எடுத்துக் கட்டிலைச் சமமாக்கி, அவரைப் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்து, கால்களுக்கு மட்டும் தலையணை கொடுத்துவிட்டு மருத்துவரை அழைத்தோம். அவருக்குத் தேவைப்பட்டது இழந்த நீரை ஈடுசெய்யும் சிகிச்சைதான்.

தலை தாழ்ந்த நிலையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் டிரெண்டலன்பர்க் இடுப்புக்குழி அறுவை சிகிச்சைக்காகப் பயன்படுத்தினார். குடலை மேலே ஒதுக்கி உள்ளே தெளிவாகப் பார்ப்பதே நோக்கம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அது இரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலைக்கான முதலுதவியாகப் பரவியது. அந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரத்த அழுத்தத்தில் அதனால் கிடைக்கும் உயர்வு சிறியது, நிலைப்பதும் இல்லை. பதிலாக வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை அழுத்தும், வயிற்றில் உள்ளது மேலேறும், தலைக்குள் அழுத்தம் கூடும். பக்கவாதமோ தலைக்காயமோ உள்ளவருக்கு இவை மூன்றுமே கேடு. கழுத்து இரத்த நாளத்தில் பெரிய ஊசிக்குழாய் ஏற்றும்போது காற்று உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்கவும், பிரசவத்தில் தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னே இறங்கிவிட்டால் அறுவை அரங்குக்குப் போகும்வரை குழந்தையின் தலை கொடியை நசுக்காமல் இருக்கவும், மருத்துவக் குழுவின் கண்முன்னே இந்த நிலை இன்றும் தேவைப்படுகிறது. வீட்டுக் கட்டிலில் இதை முயல வேண்டாம். மயக்கம் வருகிறவரைச் சமமாகக் கிடத்திக் காலை மட்டும் உயர்த்துங்கள். அவருக்கு மூச்சுத்திணறலும் இருந்தால் அதையும் செய்யாமல், தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தே ஆம்புலன்ஸை அழையுங்கள்.