செவிக்கவிதை: ஸ்போக்கன் வேர்டுக்குத் தமிழில் ஒரு சொல்

கும்பகோணத்தில் ஒரு விழா அழைப்பிதழில் 'ஸ்போக்கன் வேர்ட்' என்று அச்சடித்து, கீழே தமிழாக்கமாகப் 'பேச்சுச்சொல்' என்று போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "பேச்சுப் போட்டியா தம்பி?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா, மேடையில சொல்ற கவிதை" என்றேன். "அப்போ கவியரங்கம்னு போட வேண்டியதுதானே?" என்றார். அதுவும் சரியில்லை என்று தோன்றியது. ஏன் சரியில்லை என்று அவருக்கு அங்கேயே விளக்கத் தெரியவில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லையே பார்ப்போம். அது கவிதைக்காகப் பிறந்த சொல் அல்ல. பாட்டும் இசையும் இல்லாமல் வெறும் பேச்சை மட்டும் பதிந்த இசைத்தட்டுகளை வேறுபடுத்திக் காட்ட அமெரிக்கப் பதிவு உலகம் அதைப் புழங்கியது. கிராமி விருது 1959இல் தொடங்கியபோதே ஒரு பிரிவின் பெயரில் இந்தச் சொல் இருந்தது. கவிதைக்கென்று தனிப் பிரிவு 2023இல்தான் வந்தது. இடையில் 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கட்டுமானத் தொழிலாளிக் கவிஞர் 'ஸ்லாம்' என்ற போட்டியைக் கிளப்பிவிட்டார். 1986 முதல் அது அங்குள்ள கிரீன் மில் என்ற ஜாஸ் விடுதியில் நடந்தது. சொந்தக் கவிதை, பார்வையாளர்களிலிருந்தே பொறுக்கி எடுத்த நடுவர்கள், இசைக்கருவி கூடாது, மூன்று நிமிடம் என்பவை ஸ்லாமின் வழக்கமான விதிகள். இன்று நம் பிள்ளைகள் ஸ்போக்கன் வேர்ட் என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த மூன்று நிமிட வடிவத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

தமிழில் ஏற்கெனவே புழங்கும் சொற்களில் 'பேச்சுக்கவிதை' என்பது கொச்சையில் எழுதிய கவிதை என்று பொருள்பட்டுவிடுகிறது. 'நிகழ்த்துகவிதை' பரவாயில்லை, ஆனால் உடல்மொழியும் அரங்கமும் முன்னால் வந்து, சொல் பின்னால் போகிறது. கவியரங்கத்தில் தலைமைக் கவிஞர் உண்டு, அவருக்கு வணக்கம் பாட வேண்டும், கையில் தாள் உண்டு, கைதட்டு விழுந்தால் அதே வரியை மறுபடி படிக்கலாம். மூன்று நிமிடக்காரருக்கு இதில் எதுவும் கிடையாது. 'அகவல்' என்ற பழைய சொல் அழகுதான். அகவு என்றால் கூப்பிடு. மயில் கூவுவதையும் அகவுதல் என்கிறோம். (மயிலாடுதுறைக்காரன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் ஆசை.) ஆனால் அது ஆசிரியப்பாவின் ஓசைக்கே பெயராக நிலைத்துவிட்டது. அதை இனிமேல் பிடுங்க முடியாது.

நான் வைத்துக்கொண்ட சொல் செவிக்கவிதை. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தேரழுந்தூரில் பிறந்த கம்பன், வான்மீகியைப் பற்றிச் சொல்லும்போது 'தீங்கவி செவிகள் ஆரத் தேவரும் பருகச் செய்தான்' என்கிறான். கவிதையைக் குடிக்கிற உறுப்பு காது. ஆங்கிலச் சொல் வாயைச் சுட்டுகிறது, இந்தச் சொல் கேட்பவரைச் சுட்டுகிறது. எழுதும்போது இந்த வித்தியாசம் நிஜமாகவே வேலை செய்யும்.

கடைமடை பற்றி நான் எழுதியதையே எடுத்துக்கொள்கிறேன். முதல் படியில் ஒரு வரி இப்படி இருந்தது: 'மேட்டூரில் திறந்துவிடப்பட்ட நீர் கடைமடையை இன்னும் வந்தடையவில்லை.' தாளில் குறையில்லை. காதுக்கோ, 'வந்தடையவில்லை' என்று கடைசியில் வரும் இல்லைக்குள் செய்தி ஒளிந்திருக்கிறது. அதுவரை கேட்பவர் காத்திருக்க வேண்டும், திரும்பிப் படிக்கவும் முடியாது. மாற்றி எழுதினேன்:

மேட்டூர்ல திறந்தாச்சு. தண்ணி வருது.
கல்லணை தாண்டியாச்சு. தண்ணி வருது.
மூணாறு தலைப்புல பிரிஞ்சாச்சு. தண்ணி வருது.
எங்க வாய்க்கால்ல எறங்கிப் பாத்தாச்சு. தண்ணி…

நான்காவது வரியில் நான் நிறுத்திவிடுவேன். மூன்று முறை கேட்ட காது நான்காவதைத் தானே முடிக்கப் பார்க்கும், முடிக்க முடியாமல் திகைக்கும். இரண்டு முறை சொல்லி நிறுத்தினால் காதுக்கு இன்னும் பழக்கம் ஏற்பட்டிருக்காது. ஆறு முறை சொன்னால் அலுத்துவிடும். பதிகங்களில் பாட்டுதோறும் கடைசியில் திரும்பி வரும் தொடருக்கு மகுடம் என்று பெயர். செவிக்கவிதையில் மகுடம் திரும்பி வந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறையும் அதன் கனம் கொஞ்சம் மாற வேண்டும். மேலே உள்ளதில் சொல் மாறவில்லை, ஊர் மாறுகிறது. அதனாலேயே மேட்டூரில் நம்பிக்கையாக இருந்த அதே 'வருது' நீடாமங்கலத்துப் பக்கம் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்கு வரும்போது சந்தேகமாகக் கேட்கிறது.

சிலேடையில் ஒரு முறை நன்றாக அடிபட்டேன். களை எடுத்த கையும் கலை வளர்த்த கையும் ஒன்றே என்ற பொருளில் ஒரு வரி. எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது. திருவாரூரில் ஒரு மேடையில் சொன்னேன், யாரும் அசையவில்லை. ஒலிபெருக்கியில் லகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் கேட்டன, போதாததற்கு என் நாக்கு ழகரத்தையும் ளகரமாக்குகிற நாக்கு. அதற்கப்புறம் எந்த வரியையும் இன்னொருவரிடம் சொல்லி, அவரைத் திருப்பி எழுதச் சொல்லிப் பார்க்கிறேன். அவர் எழுதியதில் எழுத்து மாறியிருந்தால் அந்த வரி கண்ணுக்கானது என்று தூக்கிவிடுவேன்.

அடுத்தது மனப்பாடம். பள்ளியில் இதை ஒப்புவித்தல் என்போம். ஒருவரிடம் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒப்புவித்தல்தான். நல்ல சொல், ஆனால் ஒரே மூச்சில் குறளைக் கொட்டிவிட்டு ஓடும் பழக்கத்தால் அதன் சுவை கெட்டுவிட்டது. மேடையில் நான் நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்குமேல் போவதில்லை. மூன்று நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது சொல்தான். அதை நெட்டுருப் போடுவது கஷ்டமில்லை. தடுமாற வைப்பது மகுடம்தான். நினைவுக்கு உதவும் என்று நினைத்து வைக்கிற அதே வரி, நம்மைக் கவிழ்க்கவும் செய்யும். 'தண்ணி வருது' என்று சொல்லி முடித்ததும் அடுத்தது கல்லணையா, தலைப்பா என்று மனம் தடுமாறும். மூன்று இடத்துக்கும் வாசல் ஒன்று. ஒரு முறை கல்லணையிலிருந்து நேரே வாய்க்காலுக்குக் குதித்துவிட்டேன். கவிதை ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோனது. ஜனங்கள் கைதட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கு மருந்து, மகுடத்துக்கு அடுத்த வரியை நினைவில் தேடாமல் இருப்பது. மகுடத்துக்கு முந்தைய வரியோடு அதைக் கட்டிவிட வேண்டும். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதி செய்கிற வேலை இதுதான். என் கவிதையில் ஆற்றின் போக்கே அந்தக் கயிறு. நீர் மேலிருந்து கீழேதான் போகும், மேட்டூருக்குப் பின் கல்லணைதான் வர முடியும். வரிசை இப்படி இயற்கையாக அமையாத கவிதையில் ஒவ்வொரு மகுடத்தையும் வேறு வேறு மூச்சில் சொல்லிப் பழக வேண்டும்: ஒன்று மூச்சை இழுத்த உடனே, ஒன்று மூச்சு முடிகிற இடத்தில். உடம்பு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பாடமாகிவிட்டதா என்று பார்க்க, பாத்திரம் கழுவிக்கொண்டோ சைக்கிள் ஓட்டிக்கொண்டோ நடுவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முதல் வரியிலிருந்து வந்தால்தான் வருகிறது என்றால் இன்னும் ஆகவில்லை. மேடையில் கண் கூரையின் மூலைக்குப் போனாலும் அதே கதைதான்.

சொல்லோடு சேரும் வினையையும் கவனிக்க வேண்டும். 'செவிக்கவிதை வாசித்தார்' என்று எழுதினால் கையில் தாள் இருந்தது என்று பொருள். 'பாடினார்' என்றால் ராகம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மனத்திலிருந்து வருவதைச் 'சொன்னார்' என்பதுதான் வழக்கம். கதை சொன்னார், மந்திரம் சொன்னார், செவிக்கவிதை சொன்னார்.