தீபாவளி திடீரென்று வருவதில்லை

குடும்ப வரவுசெலவு பற்றி ஆலோசனை கேட்டு வருபவர்களில் பலர், "ஒவ்வொரு வெள்ளிக்கும் மாதத் தொடக்கத்திலேயே ஒரு வேலை கொடு" என்ற முறையை ஏற்கெனவே முயன்று பார்த்தவர்கள்தான். வந்த சம்பளத்தைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, ஒதுக்காத தொகை பூச்சியம் ஆகும்வரை எழுதுவார்கள். இரண்டு மாதம் நன்றாக ஓடும். மூன்றாம் மாதம் தீபாவளியோ பள்ளிப் புத்தகமோ வந்து கணக்கைக் கவிழ்த்துவிடும்.

யீஷூனில் வசிக்கும் ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். கணவருக்குச் சம்பளம் 4,500 வெள்ளி. மசே நிதிக்கு 20 விழுக்காடு, அதாவது 900 வெள்ளி, அதோடு சிண்டாவுக்குப் போகும் சிறு தொகையும் கழிந்தால் கைக்கு வருவது சுமார் 3,590. கணக்கு இந்தத் தொகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வீவக வீட்டுத் தவணையை அவர்கள் மசே நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுவதால் அது இந்தப் பட்டியலில் வராது. அதையும் சேர்த்து எழுதிவிட்டு, "எப்படிப் பார்த்தாலும் பணம் போதவில்லையே" என்று குழம்புபவர்கள் உண்டு.

ஊரிலிருக்கும் பெற்றோருக்கு 500, மளிகைக்கு 650, உணவங்காடிக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் 400, அவசர நிதிக்கு 250 என்று அவர்கள் ஒழுங்காகவே எழுதியிருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளும் விட்டுப்போகவில்லை. விமானச் சீட்டு 2,250, தீபாவளி 1,200, வருமான வரி 600, பள்ளிச் சீருடையும் புத்தகமும் 600, ஏர்கான் சர்வீஸ் 150. மொத்தம் 4,800. பன்னிரண்டால் வகுத்து, மாதம் 400 ஒதுக்கியிருந்தார்கள்.

கோளாறு அந்த வகுத்தலில்தான். அவர்கள் தொடங்கியது ஜூலையில். நவம்பர் தொடக்கத்தில் தீபாவளி. டிசம்பர் பயணத்துக்குச் சீட்டு வாங்க வேண்டியது செப்டம்பருக்குள். தீபாவளிக்கு இருப்பது நான்கு மாதச் சம்பளம், ஆகவே மாதம் 300. சீட்டுக்கு இருப்பது மூன்றே மாதம், ஆகவே மாதம் 750. மாதம் 400 வைத்துக்கொண்டு இது நடக்காது. முதல் ஆண்டில் பன்னிரண்டால் வகுக்காதீர்கள். அந்தச் செலவு வர இன்னும் எத்தனை சம்பளம் இருக்கிறதோ அதனால் வகுங்கள்.

"பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வருமே, அதில் சீட்டை வாங்கிக்கொள்ளலாமே?" என்றார் மனைவி. வழக்கமான கேள்விதான். ஆனால் இந்த முறையில் கைக்கு வராத பணத்துக்கு வேலை கொடுக்கக்கூடாது. அந்தச் சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உறுதி. வந்தபின் பிரித்துக்கொள்ளலாம்.

கடைசியில் பயணத்தை அடுத்த ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தள்ளினார்கள். சீட்டை மார்ச்சில் வாங்கினால் போதும் என்பதால் ஒன்பது மாதம் கிடைத்தது, மாதம் 250. வரியை ஏற்கெனவே ஜைரோ வழியாக வட்டியில்லாத 12 தவணைகளில் கட்டிவந்தார்கள், அது மாதம் 50. தீபாவளியின் 300ஐயும் சேர்த்தால் 600. கூடுதலாகத் தேவைப்பட்ட 200இல், வெளிச் சாப்பாட்டிலிருந்து 100, அவசர நிதியிலிருந்து 100 எடுத்தார்கள். அவசர நிதியில் கைவைப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் தீபாவளிச் செலவைக் கடன் அட்டையில் போட்டு வட்டி கட்டுவதற்கு அது மேல். தீபாவளி முடிந்ததும் அந்த 300 நவம்பர், டிசம்பர் இரு மாதமும் பள்ளிச் செலவுக்குப் போனது, 600 நிறைந்தது. ஏர்கான் சனவரிவரை காத்திருந்தது.

கடன் அட்டையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பேரங்காடியில் அட்டையைத் தட்டி 85 வெள்ளிக்கு மளிகை வாங்கினால் வங்கி இருப்பு குறையாது. மளிகைத் தலைப்பில் இன்னும் பணம் இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே அன்றைக்கே மளிகையில் 85ஐக் கழித்து, "அட்டைக்குக் கட்ட" என்ற தனித் தலைப்புக்கு மாற்றிவிட வேண்டும். பில் வரும்போது பணம் அங்கே தயாராக இருக்கும். வாரம் ஒருமுறை எல்லாத் தலைப்புகளிலும் மிஞ்சியிருப்பதைக் கூட்டிப் பாருங்கள். அது வங்கி இருப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். தலைப்புகளின் கூட்டுத்தொகை வங்கி இருப்பைவிட அதிகமாக இருந்தால், ஏதோ ஒரு பேநவ் அல்லது ஜைரோ கழிவு எழுதாமல் போயிருக்கிறது.

பூச்சியம் என்றதும் கணக்கையே காலி செய்பவர்களும் இருக்கிறார்கள். பூச்சியமாக வேண்டியது வேலை இல்லாத பணம் மட்டும்தான். இருப்பு குறைந்தால் கட்டணம் பிடிக்கும் சேமிப்புக் கணக்கு என்றால், அந்தக் குறைந்தபட்ச இருப்புக்கும் ஒரு தலைப்பு போட்டு, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.