துடிப்பு மேலேறல்: 'குவியல்' ஏன் பிழை

எங்கள் பக்கத்தில் அறுவடை நாட்களில் 'குவியல்' என்றால் களத்தில் கிடக்கும் பொலிதான் கண்ணில் வரும். குவியல் பெருத்தால் விளைச்சல் நல்லது. டிடெக்டரில் ஒவ்வொரு கதிரும் ஒரு மின்துடிப்பாகிறது, ஒரு துடிப்பின் மேல் இன்னொன்று ஏறிவிடுவதுதான் 'பைல்-அப்'. எக்ஸ் கதிர்த் திருசியம் பற்றிய தமிழ்க் கைநூல்களில் அதற்கு இந்தச் சொல்லையே போட்டு, 'துடிப்புக் குவியல்' என்று எழுதிவருகிறார்கள். போன மாதம் அது மீண்டும் ஒருமுறை காதில் விழுந்தது. இனிப் பொறுக்க முடியாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் தூண் என்று பொருள்படும் லத்தீன் 'பிலா'. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது என்ற கருத்து அங்கிருந்து வந்தது. நம் 'குவி'யோ பலவும் ஒரு முனைக்கு வந்து சேர்வது: கை குவிகிறது, தாமரை குவிகிறது. இரண்டும் ஒன்றல்ல.

மாணவி ஒருத்தி வன்னிச் செம்மண்ணை எக்ஸ் கதிரால் ஒளிரவைத்து எடுத்த திருசியத்தோடு வந்தாள். 6.4 கிலோ இலத்திரன்வோல்ற்றில் இரும்பின் முகடு வானளவு. 12.8 இல் சின்ன மேடு ஒன்று. "எங்கட மண்ணில ஈயம் இருக்குது சேர்" என்றாள். ஈயத்தின் ஒரு கோடு 12.6 இல் வரும், அதனால் அவள் எண்ணியதில் நியாயம் உண்டு. ஆனால் ஈயம் இருந்தால் 10.55 இலும் முகடு நிற்கவேண்டும். அங்கே ஒன்றுமில்லை. 6.4 ஐ இரண்டால் பெருக்கினால் 12.8. இரும்பின் இரண்டு கதிர்கள் ஏறக்குறைய ஒரே கணத்தில் டிடெக்டரில் விழ, முதல் துடிப்பு அடங்குமுன் இரண்டாவது அதன் மேல் ஏறி, ஒரே பெரிய துடிப்பாக எண்ணப்பட்டிருக்கிறது.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்ப குவியல் எண்டா முகடு இல்லையா சேர்?" சொல்லின் கேடு இதுதான். திருசியத்தில் எண்ணிக்கை குவிந்துதான் முகடு உண்டாகிறது, அதைக் குவியல் என்று சொன்னால் எவரும் குறை சொல்லமாட்டார்கள். 'பைல்-அப்' அதற்கு நேர் எதிர்: இரும்பின் முகட்டிலிருந்து இரண்டு எண்ணிக்கையைத் திருடி, இல்லாத இடத்தில் ஒன்றைப் போடுகிறது. இழப்புக்கு விளைச்சலின் பெயரைச் சூட்டலாமா? 'துடிப்பு மேலேறல்' என்பேன். 'துடிப்பேறல்' என்று சுருக்கினால் துடிப்பு வீதம் கூடுவதாகத் தோன்றும், அதனால் 'மேல்' கட்டாயம் வேண்டும். இது பிடிக்காதவர்கள் பைல்-அப் என்றே தமிழில் எழுதட்டும். பிழையான தமிழைவிட அது மேல்.

'ஷேப்பிங் டைம்' என்பதற்குப் போடும் 'வடிவமைப்பு நேரம்' இன்னும் மோசம். வடிவமைப்பு என்றால் வீட்டுக்குப் படம் கீறுவது. இங்கே நடப்பது டிடெக்டரிலிருந்து படிக்கட்டுப்போல எழும்பி வரும் மின்குறியைக் குயவரின் மிதிசக்கரத்தில் மண்ணைப்போல உருட்டி ஒரு மேடாக ஆக்குவது. நான் அதை வனைநேரம் என்கிறேன்.

வனைநேரத்தை நீட்டினால், ஒவ்வொரு துடிப்பையும் கூடுதல் நேரம் சராசரி எடுப்பதால் முன்பெருக்கியின் வேகமான இரைச்சல் குறையும், முகடு ஒடுங்கும். எல்லையும் உண்டு: மிகவும் நீட்டினால் டிடெக்டரில் கசியும் மின்னோட்டத்தின் இரைச்சல் சேர்ந்து முகட்டைத் திரும்ப அகலமாக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது.

அந்த நல்ல இடத்துக்கும் விலை உண்டு: வனைநேரம் நீள, துடிப்பும் நீளும். ஒரு துடிப்பு பிடித்துக்கொள்ளும் நேரம் T, அது 10 மைக்குரோ செக்கன் என்று வைப்போம். செக்கனுக்கு n கதிர்கள் வந்தால், மேலேறியவற்றைத் தள்ளியபின் எஞ்சுவது n × e^(−nT). 20,000 வந்தால் ஏறத்தாழ 16,400 தேறும். 1,00,000 வந்தால் 36,800. 2,00,000 வந்தால் 27,000 தான்: கூட அனுப்பியும் குறையவே கிடைக்கிறது. வனைநேரத்தைக் குறைத்து T ஐ 2.5 மைக்குரோ செக்கன் ஆக்கினால் 1,00,000 இல் 77,900 வரை தேறும். ஆனால் 5.9 கிலோ இலத்திரன்வோல்ற்றில் 130 இலத்திரன்வோல்ற்று அகலமாக இருந்த முகடு 150 ஐத் தாண்டிவிடக்கூடும்.

மேலேறியவற்றைத் தள்ளும் மின்சுற்று எல்லாவற்றையும் பிடிக்காது. அதன் வேகக் கண்ணுக்கும் பிரித்தறிய முடியாத அளவு நெருங்கி வரும் இரட்டைகள் தப்பிவிடும். மாணவியின் 12.8 மேடு அப்படித் தப்பியது, அதற்கு வனைநேரத்தைக் குறைத்துப் பயனில்லை. கதிர் வரும் வீதம் பாதியாகும்படி எக்ஸ் கதிர்க் குழாயின் மின்னோட்டத்தைப் பாதியாக்கச் சொன்னேன். இரும்பின் முகடு பாதியானது, 12.8 மேடு ஏறத்தாழக் காலாயிற்று. ஈயமாக இருந்தால் அதுவும் பாதிதான் ஆகியிருக்கும். மேலேறல் மட்டுமே வீதத்தின் வர்க்கத்தில் போகும்.

இந்தச் சோதனை அவளுடைய கைநூலில் இல்லை. மொழிபெயர்த்தவர் திருசியத்தை எடுத்துப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டியிருக்கிறார். அடுத்த பதிப்புக்கு முன் ஒருநாள் ஆய்வுகூடத்தில் வந்து நிற்கட்டும். அதே செம்மண்ணை எடுத்துவைத்திருக்கிறேன்.