இரும்புச்சத்து மாத்திரையும் பர்மாங்கனேட்டின் கடைசித் துளியும்

இளநிலை வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் தம் ஆய்வக அறிக்கையின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். அமிலத்தையும் காரத்தையும் தரம்பார்க்கும்போது பினால்ப்தலீன் சேர்க்கிறோம். மாத்திரையிலுள்ள இரும்பைப் பர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது மட்டும் ஏன் எந்த நிறங்காட்டியும் சேர்ப்பதில்லை என்பது முதல் கேள்வி. ஒரு மாத்திரையில் 59.157437 மி.கி. இரும்பு இருப்பதாக அவர் எழுதிய விடையை ஆசிரியர் ஏன் சிவப்பு மையால் சுழித்தார் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை பியூரெட்டிலிருந்து விழும் கடைசித் துளியில்தான் இருக்கிறது.

அவர் எடுத்துக்கொண்டது ஃபெரஸ் சல்பேட் மாத்திரை. ஒவ்வொன்றிலும் 60 மி.கி. தனிம இரும்பு இருப்பதாக உறையில் அச்சிடப்பட்டிருந்தது. ஐந்து மாத்திரைகளின் வண்ண மேற்பூச்சை ஈரத்தாளால் துடைத்தெடுத்துவிட்டு, அவற்றைக் கல்வத்தில் பொடித்து, 100 மி.லி. 1 M கந்தக அமிலத்தில் இளஞ்சூட்டில் கரைத்திருக்கிறார். கரையாமல் நின்ற மாவுப்பொருளை வடிகட்டி நீக்கியபின், கொதிக்க வைத்து ஆறிய நீரைச் சேர்த்துக் கரைசலை 250 மி.லி. ஆக்கியிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் 25 மி.லி. பிப்பெட்டால் எடுத்து, இன்னொரு 25 மி.லி. கந்தக அமிலம் சேர்த்து, 0.00502 M பொட்டாசியம் பர்மாங்கனேட்டால் தரம்பார்த்திருக்கிறார். பர்மாங்கனேட்டின் செறிவைச் சோடியம் ஆக்சலேட்டைக் கொண்டு அன்று காலையிலேயே அவர் உறுதிசெய்திருந்தது நல்ல பழக்கம். பர்மாங்கனேட் கரைசல் புட்டியில் இருக்கும்போதே மெல்லச் சிதைந்து பழுப்பு வண்டலைத் தரும் என்பதால், பழைய செறிவை நம்பக்கூடாது.

வினை எல்லோருக்கும் தெரிந்ததுதான்:

MnO₄⁻ + 5Fe²⁺ + 8H⁺ → Mn²⁺ + 5Fe³⁺ + 4H₂O

ஒரு பர்மாங்கனேட் அயனி ஐந்து எலக்ட்ரான்களைப் பெறுகிறது. ஐந்து ஃபெரஸ் அயனிகள் ஆளுக்கொன்றாக அவற்றைக் கொடுக்கின்றன. குடுவையில் ஃபெரஸ் அயனி இருக்கும்வரை, விழுகின்ற ஊதாத் துளி கலந்தவுடனே நிறமற்றுப் போகும். ஃபெரஸ் முழுவதும் தீர்ந்தபின் விழும் முதல் துளிக்கு எதிராளி கிடையாது. ஆகவே அதன் நிறம் அப்படியே நின்றுவிடும். பினால்ப்தலீனைப்போல வேறொரு பொருள் வந்து முடிவுநிலையை அறிவிக்கத் தேவையில்லை. வினைபுரியும் பொருளே நிறங்காட்டியாகவும் இருக்கிறது என்பதையே தன்நிறங்காட்டி என்ற சொல் குறிக்கிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்கோ இதற்கு அடுத்த கேள்விதான் சுவையானது. நிறமுள்ள வினைபொருள்கள் எத்தனையோ இருக்க, இது மட்டும் ஒரே துளியில் ஒரு குடுவை முழுவதையும் எப்படி நிறமேற்றுகிறது?

கணக்கிட்டுப் பார்க்கலாம். பியூரெட்டின் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. அதில் இருக்கும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டின் எடை 0.04 மி.கி. மட்டுமே. மாணவியின் குடுவையில் அந்நேரம் இருந்த திரவமோ 70 மி.லி.க்கும் சற்று அதிகம். அத்தனை நீரில் பரவிய அந்தத் தூசளவு உப்பு, வெள்ளைத் தரையோட்டின்மேல் வைத்து மேலிருந்து பார்க்கும்போது, திரவத்தினூடே கீழிறங்கித் திரும்பிவரும் பச்சை ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. வெள்ளொளியில் பச்சை குறைந்தால் எஞ்சுவது இளஞ்சிவப்பு. பத்தில் ஒரு பங்கு குறைவைக் கவனமான கண் எளிதில் பிடித்துவிடும்.

இவ்வளவு பசியோடு ஒளியை விழுங்குவதற்குக் காரணம், பர்மாங்கனேட்டில் நிகழும் எலக்ட்ரான் தாவலின் இயல்பு. இடைநிலைத் தனிமங்களின் நிறத்துக்கு d எலக்ட்ரான்கள் தமக்குள்ளேயே தாவுவதுதான் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் +7 நிலையிலுள்ள மாங்கனீசில் d எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. இங்கே தாவுவது ஆக்சிஜனின் எலக்ட்ரான். அது ஒளியின் ஆற்றலைப் பெற்று, எலக்ட்ரானுக்காக ஏங்கி நிற்கும் மாங்கனீசின் காலி ஆர்பிட்டாலுக்குள் தாவுகிறது. ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்கு மின்னூட்டம் இடம்பெயரும் இத்தகைய தாவலைக் குவாண்டம் விதிகள் தடைசெய்வதில்லை. ஆகவே எதிர்ப்படும் பச்சை ஒளியை அது தாராளமாக உறிஞ்சுகிறது.

வினை முடிந்தபின் அதே மாங்கனீசின் நிலையைப் பாருங்கள். Mn²⁺ அயனியில் ஐந்து d எலக்ட்ரான்கள் ஐந்து ஆர்பிட்டால்களில் தனித்தனியாக, ஒரே சுழற்சித் திசையில் அமர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இடம்மாற வேண்டுமானால், தன் சுழற்சியையும் திருப்பிக்கொண்டாக வேண்டும். ஒளியை உறிஞ்சும்போது அதற்குக் கிட்டத்தட்ட அனுமதியே இல்லை. விளைவாக, ஒரே செறிவில் Mn²⁺ உறிஞ்சும் ஒளி, பர்மாங்கனேட் உறிஞ்சுவதில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான். முடிவுநிலையில் மாணவியின் குடுவையில் கடைசித் துளியின் பர்மாங்கனேட்டைப்போல நானூறு மடங்கு Mn²⁺ இருந்தது. அந்த நானூறு மடங்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு மடங்கு தெரிந்தது. ஒரே தனிமம், ஒரு முனையில் அடர்ந்த ஊதா, மறுமுனையில் நிறமின்மை என்ற இந்த வேறுபாடு இல்லாதிருந்தால் 1846-இல் பிரான்சில் மார்கெரித் இந்த முறையை இரும்புக்கு அறிமுகப்படுத்தியிருக்கவே முடியாது.

நடைமுறையில் ஒரு சிறு சங்கடம் உண்டு. வந்த இளஞ்சிவப்பு நிலைத்து நிற்காது. நின்றுகொண்டிருக்கும் மிகைப் பர்மாங்கனேட்டும் குடுவையில் குவிந்திருக்கும் Mn²⁺ அயனியும் ஒன்றோடொன்று மிக மெதுவாக வினைபுரிந்து மாங்கனீசு டைஆக்சைடாகின்றன. இதனால்தான் நிறம் முப்பது நொடி நின்றால் போதும் என்று சொல்லப்படுகிறது. ஐந்து நிமிடம் கழித்து நிறம் மறைந்துவிட்டதே என்று இன்னொரு துளி விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இரும்பை அளக்கவில்லை, தம் பொறுமையை அளக்கிறார்கள். Fe³⁺ தரும் மஞ்சள் சாயல் இளஞ்சிவப்பை ஆரஞ்சாகக் காட்டிக் குழப்பினால், சிறிது பாஸ்பாரிக் அமிலம் சேர்க்கலாம். அது Fe³⁺ அயனியை நிறமற்ற அணைவாகக் கட்டிவைக்கும்.

தவறு நேர்ந்தால் குடுவையே சொல்லிவிடும். நடுவில் பழுப்புக் கலங்கல் தோன்றினால் அமிலம் போதவில்லை என்று பொருள். அந்த முறையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இராது. பர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடைக் குளோரினாக்குவதில் செலவாகி, இரும்பு கூடுதலாகக் காட்டும். அதனால் இந்தப் பிழைதான் ஆபத்தானது.

இனி அறிக்கைக்கு வருவோம். பர்மாங்கனேட் கரைசல் கருத்திருப்பதால் பிறைத்தளத்தின் அடிப்பகுதி தெரியாது. மேல்விளிம்பைப் படிக்க வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும் அதே விளிம்பை. மாணவியின் அளவீடுகள், மி.லி. அலகில்:

| முறை | தொடக்கம் | முடிவு | செலவான கனஅளவு |
|---|---|---|---|
| தோராயம் | 0.00 | 21.60 | 21.60 |
| 1 | 0.00 | 21.20 | 21.20 |
| 2 | 21.20 | 42.30 | 21.10 |
| 3 | 0.00 | 21.15 | 21.15 |

தோராய முறையை விட்டுவிட்டால் சராசரி 21.15 மி.லி. இரும்பே இல்லாத அமிலக் கரைசலையும் இதேபோலத் தரம்பார்த்ததில், நிறம் தெரிய ஒரு துளி, அதாவது 0.05 மி.லி., தேவைப்பட்டது. கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும் செலவான அந்தத் துளி இரும்பின் கணக்கில் சேராது. கழித்தால் 21.10 மி.லி.

கணக்கை நான் இப்படி எழுதச் சொல்வேன்:

n(MnO₄⁻) = 0.00502 × 21.10 / 1000 = 1.059 × 10⁻⁴ mol

n(Fe²⁺) = 5 × 1.059 × 10⁻⁴ = 5.296 × 10⁻⁴ mol (25 மி.லி. கரைசலில்)

m(Fe) = 5.296 × 10⁻⁴ × 55.85 = 0.02958 g = 29.58 mg

250 மி.லி. கரைசலில்: 29.58 × 10 = 295.8 mg

ஒரு மாத்திரையில்: 295.8 / 5 = 59.2 mg

நம் ஊர் ஆய்வகங்களில் இன்றும் நார்மாலிட்டிச் சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுப்பதே வழக்கம். விடை மாறாது, ஆனால் அதில் அந்த ஐந்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. மோல் வழியில் எழுதினால் ஐந்து தனி வரியில் கண்முன் நிற்கும், மறந்துவிட்டால் உடனே தெரியும்.

ஆசிரியர் சுழித்ததன் காரணமும் இப்போது விளங்கும். முடிவுநிலையில் ஒரு துளி கூடுவதும் குறைவதும் நம் கையில் இல்லை. அந்த ஒரு துளி ஒரு மாத்திரைக்கு 0.14 மி.கி. இரும்பாகிறது. முதல் தசம இலக்கத்திலேயே ஐயம் இருக்கும்போது, அதற்குப் பின்னுள்ள ஐந்து இலக்கங்களும் கால்குலேட்டர் சொன்னவை, மாத்திரை சொன்னவை அல்ல. 59.2 மி.கி., உறையில் குறித்ததில் 98.6 சதவீதம் என்று எழுதுவதே நேர்மை.

இறுதி வரியில் "இரும்பு" என்று மட்டும் எழுதாமல் "ஃபெரஸ் இரும்பு" என்று எழுதச் சொன்னேன். பர்மாங்கனேட் Fe²⁺ அயனியை மட்டுமே எண்ணுகிறது. அதேபோல, தன்னை ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாக்கிக்கொள்ளும் வேறெதையும் இரும்பு என்றே எண்ணிவிடும். இந்த மாத்திரையில் கலந்துள்ள அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், மோல் கணக்கில் இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வைட்டமின் சி சேர்த்த மாத்திரையாக இருந்தால் விடை பொய்யாகிவிடும். ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரையும் அப்படித்தான். ஃபியூமரேட்டில் கார்பன் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அதுவே பர்மாங்கனேட்டை நிறமிழக்கச் செய்யும். மருந்தியல் நூல்கள் ஃபெரஸ் சல்பேட் மாத்திரைக்குக்கூடச் சீரியம்(IV) உப்பையும் ஃபெராயின் நிறங்காட்டியையும் பரிந்துரைப்பதற்கு, மாத்திரையின் பிற சேர்மானங்களை அது அவ்வளவாகத் தாக்காது என்பதே காரணம்.

மாணவி அடுத்த வாரம், ஈரமான அலமாரியில் திறந்தே கிடந்த பழைய அட்டை ஒன்றைச் சோதிக்கப்போவதாக எழுதியிருக்கிறார். பழுப்பேறிய அந்த மாத்திரைகளில் விடை குறைவாக வந்தால், இரும்பு காணாமற்போய்விட்டதாக எழுதிவிட வேண்டாம்; காற்று அதை Fe³⁺ ஆக்கியிருக்கும். கரைசலின் ஒரு பகுதியைத் துத்தநாக ரசக்கலவையோடு குலுக்கி Fe³⁺ முழுவதையும் Fe²⁺ ஆக ஒடுக்கி, ரசக்கலவையிலிருந்து பிரித்தெடுத்து, மறுபடி தரம்பார்க்கட்டும். இரண்டு அளவீடுகளின் வேறுபாடே அலமாரியில் துருவேறிய பங்கு.