டிரன்கேட் என்றால் முழுமைப்படுத்துவது இல்லை

சி மொழி சொல்லித்தரும் தமிழ்க் குறிப்புகளிலும் காணொளிகளிலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: "இரண்டு இன்டிஜரை வகுத்தால் விடை முழு எண்ணாக முழுமைப்படுத்தப்படும்." கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சலிப்புகூடப் பரவாயில்லை, அந்த வரியை நம்பினால் கணக்கே தப்பாகிறது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். 500க்கு 437.

```c
int mark = 437, total = 500;
double pct = mark / total * 100;
```

சரியான விடை 87.4. முழுமைப்படுத்தல் என்று படித்த பையன் என்ன நினைப்பான்? 437/500 என்பது 0.874, அதை முழுமைப்படுத்தினால் 1, நூறால் பெருக்கினால் 100. ஆனால் திரையில் வருவது 0. ஏனென்றால் இங்கே யாரும் எதையும் முழுமைப்படுத்தவில்லை. புள்ளிக்குப் பின்னால் இருந்ததை அப்படியே வெட்டிப் போட்டுவிட்டார்கள், இந்த வெட்டுதான் டிரன்கேஷன். ரவுண்டிங்குக்குத்தான் பலரும் முழுமைப்படுத்தல் என்கிறோம், இலங்கைப் பாடநூல்களில் மட்டந்தட்டல். அதையே தூக்கி டிரன்கேஷனுக்கும் வைத்தால், வெவ்வேறு விடை தரக்கூடிய இரண்டு வேலைகளுக்கு ஒரே பெயர் ஆகிவிடுகிறது.

மூலச் சொல்லையாவது பார்த்திருக்கலாம். லத்தீனில் truncus என்றால் அடிமரம், கிளை கழிக்கப்பட்ட கட்டை. அதற்குத் தமிழில் 'தறித்தல்' அச்சாகப் பொருந்துகிறது. மரம் தறிப்பது என்று இலங்கையில் இன்றும் பேச்சில் சொல்கிறார்கள், நமக்குத்தான் தறி என்றால் நெசவு மட்டும் நினைவுக்கு வருகிறது. 'துண்டித்தல்' என்று எழுதுபவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஆனால் அதைக் கேட்டதும் மின் இணைப்புதான் மனதில் வருகிறது.

இன்டிஜர் டிவிஷனுக்கு 'முழு எண் வகுத்தல்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் முழு எண்கள் என்றால் 0, 1, 2 என்று போவது மட்டும்தான். குறை எண்ணும் சேர்ந்தால் அது முழுக்கள். அதைவிட முக்கியமாக, அந்தப் பெயர் விடையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நம்மிடம் ஏற்கெனவே 'ஈவு' இருக்கிறதே! 437ஐ 500ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 437 என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளை சொல்லும். சி மொழியில் / ஈவைத் தருகிறது, % மீதியைத் தருகிறது. 'ஈவு வகுத்தல்' என்று சொல்லிப் பாருங்கள், பூச்சியம் ஏன் வந்தது என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

இந்தப் பிழையை அடையாளம் காண்பது சுலபம்: வகுப்பில் எல்லோருக்கும் 0, 500க்கு 500 வாங்கியவருக்கு மட்டும் 100. pct என்பதை double என்று அறிவித்தும் பயனில்லை, வகுத்தல் நடக்கும்போது இரண்டு பக்கமும் int, தறித்த பிறகுதான் விடை double-க்குள் போய் விழுகிறது. கடைசியில் 100.0 என்று எழுதினாலும் இதே கதைதான். (double)(mark / total) என்று அடைப்புக்குறி போடுபவர்களும் உண்டு, அதுவும் காலம் கடந்த வைத்தியம். தசமம் முதலிலேயே வர வேண்டும்:

```c
double pct = 100.0 * mark / total;
```

தசமம் வேண்டாம் என்றால் mark * 100 / total என்று பெருக்கலை முன்னால் கொண்டுவரலாம். 43700/500, ஈவு 87. நிஜமாகவே முழுமைப்படுத்த வேண்டுமா, அதற்குத் தனி வேலை இருக்கிறது: (mark * 100 + total / 2) / total. 438க்கு (87.6) இது 88 தரும், வெறும் ஈவு 87தான் தரும். ஆனால் பெருக்கலை முன்னால் வைப்பதில் ஒரு பள்ளம் உண்டு. கல்லூரி ஆய்வகங்களில் காலம் காலமாக ஓடிய டர்போ சி-யில் int 16 பிட்தான், உச்சம் 32767. அதில் 43700 கொள்ளாமல் -21836 ஆகிவிடும், சதவீதம் -43 என்று வரும்!

என் 'ஈவு'க்கும் ஓர் இடறல் இருப்பதை மறைக்கவில்லை. -7ஐ 2ஆல் வகுத்தால் சி மொழி (C99 முதல் விதியாகவே) -3 என்று பூச்சியத்தை நோக்கித் தறிக்கிறது, பைதானின் // கீழ்நோக்கிப் போய் -4 தருகிறது. மீதி குறை எண்ணாக வரக்கூடாது என்று கணிதத்தில் படித்தவருக்கு இங்கே -4தான் ஈவு. அதனால் குறை எண் வரும் இடத்தில் சி மொழிக்குத் 'தறித்த ஈவு' என்று இரண்டு சொல்லாக எழுதுங்கள், நீளம் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. முழுமைப்படுத்தலை மட்டும் அங்கே கொண்டுவராதீர்கள்.