பதிவேடு அன்று, பதிவகம்: பிசிஆர் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது

புதுச்சேரியில் கணினிப் பராமரிப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வேலை. அங்கே கடந்த வாரம் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இந்தப் பதிவேட்டில் மூன்றாம் கட்டத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதைத் திறந்து பார்க்க என்ன கட்டளை?" என்று கேட்டார். தவறு அவருடையது அன்று. அவர் கையிலிருந்த தமிழ்க் கையேட்டில், பிளாட்ஃபார்ம் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர், சுருக்கமாகப் பிசிஆர், என்பதற்கு 'இயங்குதளக் கட்டமைப்புப் பதிவேடு' என்று போட்டிருந்தது. பதிவேடு என்றால் புரட்டிப் பார்க்கலாம் என்று தமிழ் தெரிந்த யாரும் நினைப்பார்கள். இந்த மொழிபெயர்ப்பை நான் பலமுறை கேட்டுவிட்டேன்; இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ரெஜிஸ்டர் என்பது இலத்தீனில் 'திரும்பக் கொண்டுவந்து வைத்தவை' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்து, முதலில் பெயர்ப் பட்டியலையும், பின்னர் எண்ணைத் தாங்கி நிற்கும் இயந்திர உறுப்பையும் குறித்தது. கணினியில் உள்ளது இந்த இரண்டாம் பொருள். தமிழில் 'பதி' என்னும் வேர் அழுந்தித் தடம் விடுதலைக் குறிக்கும். அதனுடன் 'ஏடு' சேர்ந்தால் பதிவேடு. 'அகம்' சேர்ந்தால் பதிவகம். ஏடு ஓலையிலிருந்து வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுவது. அகம் என்பது இடம். வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

பிசிஆர் உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். (பிசிஆர் என்றதும் மூக்கில் குச்சி விட்ட பரிசோதனை நினைவுக்கு வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எழுத்துச் சுருக்கங்களுக்கு வேலி இல்லை.) கணினியின் தாய்ப்பலகையில் டிபிஎம் என்னும் சிறு சில்லு, அல்லது அதன் வேலையைச் செய்யும் மென்பொருள், இருக்கிறது. அதனுள் வழக்கமாக 24 பிசிஆர்கள், 0 முதல் 23 வரை எண்ணிடப்பட்டு உள்ளன. எஸ்எச்ஏ-256 என்னும் ஹேஷ் முறையில் ஒவ்வொன்றும் 32 பைட்டு மட்டுமே கொள்ளும். மின்சாரம் வந்ததும் 0 முதல் 15 வரையுள்ளவை சுழியாகின்றன. அதன்பின் கணினி எழும் ஒவ்வொரு கட்டத்திலும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அடுத்து ஓடவிருக்கும் நிரலைப் படித்து, அதற்கு ஒரு சுருக்கெண், அதாவது ஹேஷ், கணித்து, அதைச் சில்லுக்கு அனுப்பிய பிறகே அந்த நிரலிடம் பொறுப்பைக் கொடுக்கிறது. சில்லு அந்தச் சுருக்கெண்ணை அப்படியே எழுதி வைப்பதில்லை. தன்னிடம் முன்பே இருந்த மதிப்பையும் புதிதாக வந்த சுருக்கெண்ணையும் அடுத்தடுத்து வைத்து, அந்த 64 பைட்டுக்கும் மீண்டும் ஒரு சுருக்கெண் கணித்து, பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்கிறது:

```
PCR_new = SHA256(PCR_old || digest)
```

ஆகவே, பத்துக் கட்டங்கள் கடந்தாலும் நூறு கட்டங்கள் கடந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஓர் எண். மூன்றாம் கட்டத்தின் சுருக்கெண் அதில் கலந்திருக்கிறது. ஆனால் அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. கட்டங்களின் வரிசை மாறினாலும் விடை மாறிவிடும். கணினியை மீண்டும் தொடங்காமல் இவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியாது. இதையா பதிவேடு என்பது? கடலூரில் மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்று கேட்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுவாரியாகப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள். அது பதிவேடு. ஒவ்வொரு கிரயத்தையும் முன்னதனுடன் அரைத்துக் கலந்து ஒரே ஓர் எண்ணை மட்டும் கையில் கொடுக்கும் அலுவலகம் இருந்தால், அதற்கு யாரும் பதிவேடு என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

பதிவேடு என்பாரின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "பதிவகம் என்றால் ஆவணக் காப்பகம் போல ஒலிக்கிறது, பதிவேடு மக்களுக்குப் பழகிய சொல்" என்கிறார்கள். முதல் பாதியில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கணினிக் கலைச்சொல் பட்டியல்களில் செயலியின் ரெஜிஸ்டருக்குப் பதிவகம் ஏற்கெனவே வழங்கிவருகிறது. புதிதாக யாரும் உருவாக்க வேண்டியதில்லை. பழகிய சொல் என்பதுதான் இங்கே சிக்கலே: பழகிய பொருளோடுதான் அது வரும், அந்தப் பொருள் இங்கே பொய்.

பதிவேடு என்னும் சொல்லை வீணாக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. இதே செயல்முறையில் உண்மையான பதிவேடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பதிவகத்தில் எந்தச் சுருக்கெண் கலக்கப்பட்டது, அது எதனுடையது என்பதை வரிவரியாக எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேடு அது. அது சில்லுக்குள் இல்லை. சாதாரண நினைவகத்தில் இருக்கிறது. லினக்ஸில் `/sys/kernel/security/tpm0/binary_bios_measurements` என்னும் கோப்பாகக் கிடைக்கும். `tpm2_eventlog` கொண்டு படிக்கலாம். மாணவர் கேட்ட மூன்றாம் கட்டம் அங்கேதான் இருக்கிறது. நினைவகத்தில் இருப்பதால் அதைத் திருத்திவிட முடியும். ஆனால் திருத்திய பதிவேட்டின் வரிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கலந்து கணக்கிட்டால் வரும் விடை, சில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது. படிக்க முடிந்தது ஏமாற்றலாம். ஏமாற்ற முடியாததைப் படிக்க முடியாது. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் சான்று. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டினால் இந்த ஏற்பாட்டின் உயிரே போய்விடுகிறது.

அதே மாணவர் காட்டிய இன்னொரு கணினியை எடுத்துக்கொள்வோம். `tpm2_pcrread sha256:3,6` என்று கேட்டதற்கு, 3, 6 ஆகிய இரண்டிலும் ஒரே மதிப்பு வந்தது:

```
3d458cfe55cc03ea1f443f1562beec8df51c75e14a9fcf9a7234a13f198e7969
```

"இரண்டு பதிவேட்டிலும் ஒரே பதிவா? சில்லு கெட்டுவிட்டதா?" என்று அவர் பதறினார். கெடவில்லை. 3 என்பது கூடுதல் அட்டைகளின் அமைப்புகளுக்கும், 6 என்பது தயாரிப்பாளரின் தனித் தேவைக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்தக் கணினியில் இரண்டிலும் கலக்க ஒன்றும் இல்லை. ஆயினும் ஃபர்ம்வேர் எனப்படும் நிலைபொருள் தன் வேலையை முடித்து, இயங்குதள ஏற்றியிடம் பொறுப்பைக் கொடுக்கும் முன், 0 முதல் 7 வரை எல்லாவற்றிலும் ஒரு பிரிகோடு இடுகிறது. நான்கு சுழி பைட்டுகளின் சுருக்கெண்தான் அந்தப் பிரிகோடு. சுழியாக இருந்த பதிவகத்தில் அது ஒன்று மட்டும் கலந்தால் வருவது மேலே உள்ள எண். யாரும் தம் கணினியிலேயே சரிபார்க்கலாம்:

```
(head -c 32 /dev/zero; head -c 4 /dev/zero |
 sha256sum | cut -c1-64 | xxd -r -p) | sha256sum
```

வெற்று ஏடு இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில் வியப்பில்லை என்று சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம்; ஆனால் மறுபடியும் ஏடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து 'இயங்குதள' என்னும் முன்னொட்டு. தமிழில் இயங்குதளம் என்றால் விண்டோஸ், லினக்ஸ் என்றே படிப்பவர் கொள்வார். பிசிஆரில் பேசப்படும் பிளாட்ஃபார்ம் அது அன்று. நிலைபொருளும் வன்பொருளும் சேர்ந்த கணினி. பதிவகம் 0 நிரம்பும்போது இயங்குதளம் இன்னும் வட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது. வெறும் 'தளம்' போதும்: தள உள்ளமைவுப் பதிவகம். மற்றொரு கையேட்டில் 'மேடை அமைப்புப் பதிவேடு' என்று கண்டேன். பந்தல்காரரிடம் கொடுக்க வேண்டிய பெயர்.

கலக்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்டெண்ட் என்று பெயர். இதை 'நீட்டித்தல்' என்கிறார்கள். 32 பைட்டு 32 பைட்டாகவே இருக்கும்போது நீண்டது எது? 'உட்கலத்தல்' என்றால் திரும்பப் பிரிக்க முடியாது என்பதும் சேர்ந்து வரும். மொழிபெயர்ப்பவர் செயலைப் பார்க்காமல் அகராதியின் முதல் வரியைப் பார்க்கிறார். நோய் ஒன்றுதான், குறிகள் பல.

எல்லாவற்றினும் மோசமானது 'அளவிடப்பட்ட துவக்கம்'. கணினி எழும்போது கட்டம் கட்டமாகச் சுருக்கெண் கலக்கும் இந்த முறை முழுவதற்கும் ஆங்கிலத்தில் மெஷர்டு பூட் என்று பெயர்; அதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு இது. தமிழில் அளத்தலுக்கு ஒரு படி வேண்டும், கூடுதல் குறைவு வேண்டும். நெல்லை அளக்கிறோம், நிலத்தை அளக்கிறோம். சுருக்கெண்ணில் கூடுதல் குறைவு கிடையாது: நிரலில் ஒரு பிட்டு மாறினாலும் எண் முற்றிலும் வேறாகும், எவ்வளவு மாறியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மேலும், அளந்தவர் குறைந்ததைத் தள்ளிவிடுவார் என்னும் எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே யாரும் எதையும் தள்ளுவதில்லை. கையொப்பம் பொருந்தாத நிரலைத் தடுப்பது செக்யூர் பூட், அது வேறு. இது, தீய நிரலையும் தடுக்காமல் ஓடவிட்டு, அது ஓடியதன் தடத்தை மட்டும் பதிக்கிறது. தடம் நல்லதா கெட்டதா என்பது பிறகு பார்ப்பவரின் கேள்வி. ஆகவே நான் 'தடம்பதி தொடக்கம்' என்று எழுதுகிறேன். வினைத்தொகை என்பதால் வல்லெழுத்து மிகாது. பதிவகத்தின் வேரே இதிலும் இருப்பதால் இரண்டும் உறவுச்சொற்களாக நிற்கும்.

சொல் தவறினால் வேலை எப்படித் தவறும் என்பதற்கு ஒன்று சொல்லலாம். தெரிந்தவர் ஒருவர் தம் லினக்ஸ் மடிக்கணினியில் வட்டின் திறவுகோலைப் பதிவகம் 0, 7 ஆகியவற்றின் மதிப்போடு முடிந்து வைத்திருந்தார். மதிப்பு பொருந்தினால்தான் சில்லு திறவுகோலைக் கொடுக்கும். நிலைபொருளைப் புதுப்பித்த மறுநாள் கணினி மீட்புச் சாவி கேட்டது. 'அளவீடு தோல்வி' என்று படித்திருந்ததால், புதுப்பிப்பே பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, பழைய பதிப்புக்குத் திரும்பப் பார்த்தார். நடந்ததோ வேறு: பதிவகம் 0-இல் நிலைபொருளின் நிரல் கலக்கப்படுகிறது; நிரல் மாறியது, எண் மாறியது. மீட்புச் சாவியால் திறந்து, முன்பு எடுத்துவைத்திருந்த நிகழ்வுப் பதிவேட்டை இப்போதையதோடு ஒப்பிட்டோம். பதிவகம் 0-இன் வரிகளில் `EV_S_CRTM_VERSION`, `EV_EFI_PLATFORM_FIRMWARE_BLOB` ஆகியவை மட்டுமே வேறுபட்டன. 7-இல் ஒன்றும் மாறவில்லை. புதுப்பிப்பு செய்ய வேண்டியதைத்தான் செய்திருந்தது. புதிய மதிப்போடு திறவுகோலை மீண்டும் முடிந்ததும் வேலை முடிந்தது. 7 மாறியிருந்தால் கதை வேறு: அங்கே செக்யூர் பூட்டின் சாவிகளும் விலக்குப் பட்டியலும் கலக்கப்படுகின்றன, நிலைபொருளைத் தொடாமலே விலக்குப் பட்டியல் மட்டும் புதுப்பிக்கப்பட்டாலும் அது மாறும்.

ஒரு வரம்பையும் குறிக்க வேண்டும்: முதன்முதலில் ஓடும் நிரலின் தடத்தை அதற்கு முன்னிருந்து பதிக்க யாரும் இல்லை. அது தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பித்தான் பிந்தைய எல்லாம் நிற்கின்றன. இதைக் கையேடு 'நம்பிக்கையின் மூலவேர்' என்கிறது. அந்தச் சொல்லில் எனக்குக் குறையில்லை.

துவக்கமா தொடக்கமா என்று கேட்பவர்களுக்கு: இலங்கையில் துவக்கு துப்பாக்கி. நான் தொடக்கம் என்றே எழுதுவேன்.

கையேட்டின் அந்த வரி இப்படி இருந்தது: "அளவிடப்பட்ட துவக்கத்தின்போது ஒவ்வொரு கூறும் அளவிடப்பட்டு இயங்குதளக் கட்டமைப்புப் பதிவேடு நீட்டிக்கப்படுகிறது." பாடக்குறிப்பில் நான் மாற்றி எழுதியது: "தடம்பதி தொடக்கத்தில், ஒவ்வொரு நிரலும் ஓடுவதற்கு முன் அதன் சுருக்கெண் தள உள்ளமைவுப் பதிவகத்தில் உட்கலக்கப்படுகிறது, எது கலந்தது என்பது நிகழ்வுப் பதிவேட்டில் எழுதப்படுகிறது." கேள்வி கேட்ட மாணவர் இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் நான் திறக்க வேண்டியது பதிவேட்டை, பதிவகத்தை இல்லை" என்றார்.