குழாயில் வரும் வெள்ளைத் தண்ணீர்

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பிளம்பர் குழாய் நுனியில் சல்லடை போல ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அதிலிருந்து தண்ணீர் வெள்ளையாக வருகிறது. குளோரின் கூடிவிட்டதா?"

இல்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் அதைப் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வரும். குளோரின் என்றால் இப்படித் தெளியாது. நீங்கள் பார்ப்பது காற்றுக் குமிழிகள் மேலேறிப் போவதைத்தான். திற்பரப்பு அருவி வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

அந்தச் சல்லடையின் பெயர் ஏரேட்டர். அதைக் கழற்றினால் முதலில் சிறு துளைகள் கொண்ட ஒரு வட்டு இருக்கும். தண்ணீரைக் குறைப்பது அதுதான். துளைகள் சிறியவை என்றாலும் பின்னாலிருக்கும் அழுத்தம் மாறவில்லை. அதனால் தண்ணீர் மெல்லிய தாரைகளாக, வேகமாகப் பீறிடுகிறது. வேகமாகப் போகும் தாரை பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வட்டுக்குக் கீழே அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றே இறங்க, ஓரத்து இடுக்குகள் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. மோட்டாரோ மின்சாரமோ இல்லாமல், தண்ணீரே தனக்கான காற்றை உறிஞ்சிக்கொள்வது எனக்கு இன்றும் வியப்புதான். பிறகு அடியிலுள்ள கம்பிவலையில் இரண்டும் மோதிக் கலந்து, தடித்த மென்மையான ஒரே தாரையாக இறங்குகின்றன.

கைக்கு நிறைவாகத் தோன்றுவது ஏன்? தோல் லிட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. எவ்வளவு இடம் நனைகிறது, எந்த வேகத்தில் படுகிறது என்பதைத்தான் உணர்கிறது. சாதாரணக் குழாயின் கெட்டித் தாரையில் நடுவிலுள்ள தண்ணீர் பெரும்பாலும் கையைத் தொடாமலே வழிந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு லிட்டர் ஜாடி நிரம்ப 6 வினாடி ஆனது, அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர். ஏரேட்டர் மாட்டியபின் 12 வினாடி. அரை நிமிடம் கை கழுவினால் 5 லிட்டருக்குப் பதில் இரண்டரை. ஆனால் 15 லிட்டர் வாளியை நிரப்பினால் ஒரு சொட்டும் மிச்சமில்லை, ஒன்றரை நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் காத்திருப்பதுதான் மிச்சம். வாளிக் குழாயில் இதை மாட்டாதீர்கள்.

ஷவரிலும் இதே வித்தைதான். ஆனால் காற்று கலந்த வெந்நீர் விழும்போதே சற்று ஆறிவிடும். 'ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர் உடம்புக்கு நல்லது' என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். இந்தக் குமிழிகள் டம்ளரிலேயே வெளியேறிவிடுகின்றன.

மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் குளியலறையில் இது சரிவராமல் போகலாம். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. தாரைக்குக் காற்றை இழுக்கும் வேகம் வராமல், தண்ணீர் மெலிந்து வழியும்.

நன்றாக ஓடிய ஏரேட்டரில் வெள்ளை மறைந்து தாரை பக்கவாட்டில் சிதறினால், வலையில் மணலோ உப்புப் படிவோ அடைத்திருக்கிறது. கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் இது சீக்கிரமே வரும். கழற்றி, ஒரு மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷரை மறந்துவிடாதீர்கள்.